வாடையும் நாற்றமும்

மாட்டுங்கா ரயில் நிலையத்தில் இறங்கிக் கடைத்தெருப் பக்கம் நடப்பவர்களுக்கு, பூக்கடைகள் கண்ணில் படுமுன்பே மல்லிகையின் மணம் வந்து சேர்ந்துவிடும். கதம்பம், துளசி, மரிக்கொழுந்து என்று ஊரை நினைவூட்டும் மணங்கள் அங்கே பல உண்டு. அவ்வட்டாரத்து மருந்துக் கடைகளில் இப்போது வேறுவகைப் பூக்களையும் காணலாம். மாதவிடாய் நாட்களில் பெண்கள் பயன்படுத்தும் நாப்கின் பொட்டலங்களின்மேல் அச்சிட்ட பூக்கள் அவை. ரோஜாவின் படம், லாவெண்டரின் படம், சிலவற்றில் வேப்பிலையின் படம். பொட்டலத்தைப் பிரித்தவுடன் மணம் மூக்கில் ஏறும். இந்த மணத்தினால் பெண்களுக்கு ஏதேனும் பயன் உண்டா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

சகோதரிகள் சிலருக்கு இதை வானொலியில் பேசலாமா என்ற கூச்சம் எழலாம். நம் வீடுகளில் இந்நாட்களுக்குத் ‘தூரம்’ என்றும் ‘வீட்டுவிலக்கு’ என்றும் பெயர் வைத்து, அப்பெயர்களுக்கு அப்பால் ஒரு சொல்லும் பேசாமலே நாம் வளர்ந்தோம். ஆனால் நாம் பேசாத இடத்தில் பொட்டலத்தின்மேல் உள்ள விளம்பரம் பேசிக்கொண்டிருக்கிறது.

மொழிபெயர்ப்பு என் தொழில். ஒருமுறை சுகாதாரத்தைப் பற்றிய ஒரு சிறு பிரசுரத்தைத் தமிழாக்கும்போது, ஆங்கிலத்தில் இருந்த ஒரே சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்று ஒரு பிற்பகல் முழுவதும் தயங்கினேன். ‘நாற்றம்’ என்பது பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்த சொல். இன்று அது தாழ்ந்துவிட்டது. ‘வாடை’ என்பது அவ்வளவு கடுமையானதன்று. மழை பெய்யும் மண்ணுக்கு ஒரு வாடை உண்டு. நெடுநேரம் உடுத்திய துணிக்கு ஒரு வாடை உண்டு. முடிவில் இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டேன். மாதவிடாய் நாட்களில் இயல்பாக உண்டாவது வாடை. நோயினால் உண்டாவது நாற்றம். இவ்விரண்டையும் பிரித்தறிவது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தேவை என்பதை அப்பொழுது நான் முழுவதும் உணர்ந்திருக்கவில்லை. பின்னர் ஒரு பெண்ணின் அனுபவத்தினால் உணர்ந்தேன்.

முதலில் வாடை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். உடலைவிட்டு வெளிவரும் உதிரத்துக்குப் பெரிய வாடை ஒன்றும் இல்லை. அதிலுள்ள இரும்புச் சத்தினால், செப்புக்காசைக் கையில் வைத்திருந்தது போன்ற மெல்லிய உலோக வாடை இருக்கலாம், அவ்வளவே. ஒரு மாதவிடாயில் வெளியேறும் இரத்தத்தின் மொத்த அளவே பெரும்பாலோர்க்கு 30 முதல் 40 மில்லிலிட்டர்தான். இரண்டு மூன்று மேசைக் கரண்டி என்று கொள்ளலாம். அது துணியிலோ நாப்கினிலோ படிந்து, காற்றுப் பட்டு, உடற்சூட்டில் சில மணி நேரம் கிடக்கும்போது, தோலில் எப்போதும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கத் தொடங்குகின்றன. தொடையிடுக்கில் சுரக்கும் வியர்வையும் அதனோடு சேர்கிறது. இச்சிதைவினின்று எழுவதே நாம் அஞ்சும் வாடை. ஆகவே அது உடலின் அழுக்கன்று, நேரத்தின் விளைவு. பால் கறந்தவுடன் புளிப்பதில்லை, வைத்திருந்தால் புளிக்கிறது.

இந்த வாடையை மணப்பொருள் போக்குமா? போக்காது. நுண்ணுயிர்கள் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்க, மேலே மற்றொரு மணம் போர்த்தப்படுகிறது. மேலும், மூக்கு ஒரே மணத்தை இடைவிடாமல் முகர்ந்தால் சிறிது நேரத்தில் அதை உணர்வதை நிறுத்திவிடும். செம்பூரில் குடியிருப்பவர்கள் இதை நன்கறிவர். மாகுல் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் வாடையை விருந்தாளி முதல் நாளே சொல்லுவார். நமக்கோ அது இருப்பதே தெரியாது. அதுபோலவே, பொட்டலத்தைப் பிரிக்கும்போது கமழ்ந்த மணம் சற்று நேரத்தில் அணிந்தவளுக்கே தெரியாமற் போய்விடுகிறது. மாலையில் வாடையும் பழைய மணமும் கலந்து, முன்னதைவிட இனியது என்று சொல்ல முடியாத மூன்றாவது ஒன்று உண்டாகிறது.

இப்பொழுது நான் குறிப்பிட்ட பெண்ணைப் பற்றிச் சொல்லுகிறேன். அவளுடைய குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாகத் தாராவியில் வாழ்வது. அவள் காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, ரயிலில் நின்றுகொண்டே சென்று, ஒரு தையற்கூடத்தில் வேலை பார்த்து, இரவு எட்டு மணிக்குத் திரும்புவாள். வேலைசெய்யும் இடத்துக் கழிப்பிடத்தில் தண்ணீர் சில நாள் வரும், சில நாள் வராது. குப்பைத் தொட்டி கிடையாது. ஆகவே காலையில் வைத்த நாப்கினோடு பதின்மூன்று மணி நேரம் கழிப்பது அவள் வழக்கமாயிற்று. பெண்கள் பெட்டியில் நெருக்கி நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் முகம் சுளித்ததாக அவளுக்கு ஓர் எண்ணம். அவர் சுளித்தது உண்மைதானா, உண்மையானால் எதற்காக என்பது யாருக்கும் தெரியாது. கழிப்பிடத்தில் குனிந்து நாப்கினை எடுக்கும்போது நம் மூக்கில் ஏறும் வாடை, உடை உடுத்தி நிற்கும்போது அடுத்தவரைச் சென்றடைவது அரிது. எனினும் அன்று முதல் அவள் மணமூட்டிய நாப்கின் வாங்கத் தொடங்கினாள்.

முதல் மாதம் ஒன்றும் இல்லை. இரண்டாம் மாதமும் இல்லை. மூன்றாம் மாதம் மூன்றாம் நாளன்று அரிப்பு எழுந்தது. அதற்கு அடுத்த மாதம் இரண்டாம் நாளே எரிச்சலும் சிவப்பும் தோன்றி, சிறுநீர் கழிக்கும்போது தோல் காந்தியது. வாடையினால் வந்த கிருமி என்று எண்ணி, அவள் தரை துடைக்கும் கிருமிநாசினியில் சில துளிகளைத் தண்ணீரில் கலந்து கழுவினாள். எரிச்சல் இரட்டிப்பாயிற்று. “அக்கா, இந்தப் பிள்ளை நாலு நாளா உட்கார முடியாம நிக்கிறா” என்று அவள் தாயார் என்னிடம் வந்தபோதுதான் செய்தி எனக்குத் தெரிந்தது.

நாங்கள் சென்று பார்த்த டாக்டர் அம்மையார் மருந்து எழுதுவதற்கு முன் சில கேள்விகளே கேட்டார். அரிப்பு எந்த நாளில் தொடங்குகிறது? மாதவிடாய் முடிந்து எத்தனை நாளில் அடங்குகிறது? வெள்ளைப்படுதலின் நிறமோ தன்மையோ மாறியதா? பின்னர்ப் பரிசோதித்துவிட்டு, சிவப்பு எங்கெல்லாம் இருக்கிறது என்பதை எங்களுக்கு விளக்கினார். நாப்கின் படும் இடமெல்லாம் சிவந்திருந்தது. அதன் விளிம்பு எங்கே முடிந்ததோ அங்கே சிவப்பும் முடிந்தது. உட்புறத்தில் நோய் இல்லை. இது கிருமியன்று, ஒவ்வாமை என்றார்.

ஒவ்வாமை ஏன் முதல் மாதமே வரவில்லை என்று கேட்கத் தோன்றும். மணப்பொருளை உடல் முதலில் அறிமுகம் செய்துகொள்ளுகிறது. பகையென்று முடிவுசெய்த பிறகே எதிர்க்கிறது. அதனால் இவ்வகை ஒவ்வாமை பலமுறை பயன்படுத்திய பின்னரே தலைகாட்டும்; பொருள் பட்ட ஒன்றிரண்டு நாள் கழித்தே வெளிப்படும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்காது. அதே மணப்பொருள் சோப்பிலோ பவுடரிலோ இருந்தால் அங்கேயும் தொல்லை தரும். தோல் மருத்துவர்கள் காணும் தொடு ஒவ்வாமைகளுக்கு மணப்பொருள்கள் முக்கியமான காரணங்களுள் ஒன்று. கூந்தலில் சூடிய மல்லிகை ஒன்றும் செய்யாதே என்று கேட்கலாம். கூந்தலில் காற்று உலாவுகிறது. பெண்ணுறுப்பைச் சூழ்ந்த தோலோ மெல்லியது. முன்கைத் தோலைவிட எளிதில் பொருள்களை உள்ளே விடுவது. ஈரத்திலும் சூட்டிலும் உராய்விலும் மூடிக் கிடப்பது. அங்கே இயற்கை எண்ணெய், மூலிகை மணம் என்பனவற்றுக்கும் சலுகை கிடையாது. லாவெண்டர் எண்ணெயில் உள்ள லினலூல் என்ற பொருளே காற்றுப் பட்டபின் ஒவ்வாமை உண்டாக்கக் கூடியது.

அந்தப் பெண்ணுக்கு டாக்டர் ஒரு வாரத்துக்குத் தடவ ஒரு களிம்பு கொடுத்தார். கிருமிநாசினியையும் வாசனைச் சோப்பையும் பவுடரையும் நிறுத்தச் சொன்னார். மணமில்லாத நாப்கினோ பருத்தித் துணியோ வைக்கச் சொன்னார். அடுத்த மாதம் சிறிது அரிப்பு இருந்தது. அதற்கடுத்த மாதம் இல்லை. காரணம் மணப்பொருள்தான் என்பதற்கு இதுவே நடைமுறைச் சான்று. ஐயம் நீங்காதவர்களுக்கு முதுகில் சிறு சிறு ஒட்டுகளை வைத்துச் சோதித்துப் பார்க்கும் முறை பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவுகளில் உண்டு.

கடையில் வாங்கும்போது ஒரு சொல் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ‘அன்சென்டட்’ என்று அச்சிட்டிருப்பதற்கு ‘மணம் வீசாதது’ என்பதே பொருள். மூலப்பொருளின் வாடையை மறைக்க ஒரு மணப்பொருளைச் சேர்த்து, மொத்தத்தில் ஒன்றும் வீசாதபடி செய்த பண்டத்துக்கும் அச்சொல்லை இடுகிறார்கள். ‘ஃபிராகரன்ஸ் ஃப்ரீ’ என்பது ‘மணப்பொருள் சேர்க்கப்படாதது’. ஒவ்வாமை உள்ளவர்கள் பின்னதையே தேட வேண்டும். ‘ஃபிராகரன்ஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் பல இரசாயனங்கள் அடங்கியிருக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் அழகுப் பொருள்களில் 26 மணப்பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டுமென்று விதித்தது. நம் நாட்டு நாப்கின் பொட்டலத்தில் அத்தகைய விவரத்தைக் காண்பது அரிது; பிரித்தவுடன் முகர்ந்து பார்ப்பதே பல சமயம் நமக்குள்ள வழி.

ஒவ்வாமை எல்லோருக்கும் வருவதில்லை. மணமூட்டிய நாப்கினைப் பல ஆண்டு பயன்படுத்தியும் துன்பப்படாதவர் பலர் உண்டு. அவர்களுக்கும் நான் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அதுதான் நாற்றம்.

பெண்ணுறுப்பின் உட்புறத்தில், தயிரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்தவை வாழ்ந்து, அவ்விடத்தைப் புளிப்பாக வைத்திருக்கின்றன. புளிப்பை அளக்கும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். அவ்விடத்து அளவு ஏறத்தாழ 4. வேண்டாத கிருமிகள் அந்தப் புளிப்பில் பெருகுவது கடினம். காவலாக உள்ள இந்நுண்ணுயிர்கள் குறைந்து வேறு கிருமிகள் பெருகிவிட்டால் ‘பாக்டீரியல் வஜினோசிஸ்’ என்ற நிலை உண்டாகிறது. அதன் அடையாளம் மெலிந்த சாம்பல்நிறக் கசிவும் மீன் போன்ற நாற்றமும். அந்நாற்றம் மாதவிடாய் நாட்களில் மிகும். ஏனெனில் இரத்தத்தின் அளவு 7.4, அது புளிப்பைத் தணித்துவிடுகிறது. மீனைப் புளித் தண்ணீரில் அலசினால் வாடை அடங்குவதை நம் சமையலறையிலேயே கண்டிருக்கிறோம். புளிப்பு அந்நாற்றத்தைக் கட்டிவைக்கிறது; புளிப்புக் குறைந்தால் கட்டு அவிழ்கிறது. அங்கே நிகழ்வதும் அதுவே.

உள்ளே தண்ணீரையோ சோப்பையோ கிருமிநாசினியையோ பாய்ச்சிக் கழுவுவோர், காவலையே கழுவிவிடுகிறார்கள். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கப் பத்திரிகைகள் வீடு துடைக்கும் கிருமிநாசினி ஒன்றைப் பெண்களின் உட்சுத்திக்கென்றே விளம்பரம் செய்தன. கணவனின் அன்பை இழந்துவிடுவாய் என்று அச்சுறுத்தி விற்றார்கள். அன்றைய அச்சமே இன்று பூப்படம் அணிந்து வருகிறது என்று எனக்குச் சில வேளை தோன்றுவதுண்டு.

மீன் நாற்றம் உள்ள பெண் மணமூட்டிய நாப்கினையும் தெளிப்பானையும் பயன்படுத்தினால், நோய் சொல்லும் செய்தி அவள் காதில் விழாமற் போகிறது. இந்நிலை, டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை வழக்கமாக ஏழு நாள் உட்கொண்டால் தீரக்கூடியது. சிலருக்குத் திரும்பவும் வரும். கருவுற்ற பெண்ணுக்கு இருந்தால் குறைமாதப் பிரசவத்துக்கு வாய்ப்பை அதிகப்படுத்துவது என்பதால் அவள் காலம் தாழ்த்தலாகாது. தயிர்த் திப்பிபோன்ற வெள்ளையும் அரிப்பும் இருந்தால் அது காளான் தொற்று; அதற்குப் பெரும்பாலும் நாற்றம் இராது, மருந்தும் வேறு. நாற்றத்தோடு காய்ச்சலோ அடிவயிற்று வலியோ சேர்ந்தால், அல்லது பிரசவத்துக்குப் பின்னோ கருக்கலைவுக்குப் பின்னோ நாற்றம் கண்டால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாராவியில் உள்ளோர்க்கு ‘சோட்டா சயான்’ என்று மக்கள் அழைக்கும் நகர்ப்புறச் சுகாதார நிலையமும், சயானிலேயே லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையும் எட்டும் தொலைவில் உள்ளன. வெட்கத்தினால் மருந்துக் கடைக்காரரிடம் ஏதோ ஒரு மாத்திரை கேட்டு வாங்குவது, மூன்று வேறு நோய்களுக்கு ஒரே பூட்டைப் போடுவதாகும்.

இனி, இயல்பான வாடைக்கு என்ன செய்வது? நாப்கினை நேரம் பார்த்து மாற்ற வேண்டும். ஈரம் பார்த்து அன்று. இப்போதைய மெல்லிய நாப்கின்களுக்குள் உதிரத்தை உறிஞ்சிக் கூழாக்கும் துகள்கள் உள்ளன. மேற்பரப்பு உலர்ந்தே இருப்பதால், ‘இன்னும் நனையவில்லையே, ஏன் வீணாக்குவது’ என்று பெண்கள் எண்ணுகிறார்கள். உள்ளே சிதைவு நடந்துகொண்டுதான் இருக்கும். போக்கு மிகுந்த நாட்களில் நான்கு மணிக்கொருமுறையும், குறைந்த நாட்களில் ஆறு மணிக்கொருமுறையும் மாற்றினால் வாடை வளர நேரமே இராது. இரவில் உறக்கத்தைக் கலைத்துக்கொள்ள வேண்டியதில்லை. படுக்குமுன் மாற்றி, எழுந்தவுடன் மாற்றினால் போதும். மேற்சொன்ன பெண் நண்பகல் உணவு வேளையில் ஒருமுறை மாற்றுவதற்காக, பையில் ஒரு நாப்கினும், பழைய செய்தித்தாளும், ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துச் செல்லத் தொடங்கினாள். மணமூட்டிய நாப்கினுக்கு அவள் கூடுதலாகக் கொடுத்துவந்த காசு, மணமில்லாத நாப்கினை இரண்டு கூடுதலாக வாங்கப் போதுமானதாயிற்று.

மாற்றும்போது வெளிப்புறத்தை வெறுந்தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஈரம் ஒற்றித் துடைத்துவிட வேண்டும். தாராவிச் சந்துகளில் குழாயில் தண்ணீர் சில மணி நேரமே வரும் என்பதை அறிவேன். இதற்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதற்கே சோப்பு தேவை. மூன்று நாள் குளிக்கலாகாது என்று நம் பாட்டிமார் சொன்னதைச் சில வீடுகளில் இன்றும் கடைப்பிடிக்கிறார்கள். இந்நாட்களில் குளிப்பதனால் ஒரு கேடும் இல்லை; பம்பாயின் புழுக்கத்தில் குளிக்காமலிருப்பதுதான் வியர்வை வாடைக்கு வழி. உள்ளாடை பருத்தியாக இருப்பது நல்லது.

துணி பயன்படுத்துவோர் வருந்த வேண்டியதில்லை, துணி தாழ்ந்ததன்று. அதை முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் உதிரம் இழையில் உறைந்து கறையும் வாடையும் தங்கிவிடும். பிறகு சோப்பிட்டு, அலசும் தண்ணீர் தெளியும்வரை அலசி, வெயிலில் உலர்த்த வேண்டும். தொல்லையெல்லாம் உலர்த்துவதில்தான். ஆண்கள் கண்ணில் படலாகாதென்று கட்டிலுக்கடியிலும் கழிப்பிடத்து மூலையிலும் உலர்த்தும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒடிசாவில் மருத்துவமனைகளுக்கு வந்த 558 பெண்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, துணியை மீண்டும் பயன்படுத்துவோருள் அதை வீட்டுக்குள்ளே உலர்த்தியவர்களிடமும் கழிப்பிடத்தில் ஒளித்துவைத்தவர்களிடமும் காளான் தொற்று மிகுதியாகக் காணப்பட்டது என்று தெரிவித்தது. ஒன்றினால்தான் மற்றொன்று வந்தது என்று அவ்வகை ஆய்வு அறுதியிட்டுச் சொல்லாது. ஆயினும் ஈரத்துணியில் காளான் வளர்வது மழைக்காலத்துப் பம்பாயில் நாம் அலமாரியிலேயே காணும் காட்சி. ஜூன் முதல் செப்டம்பர்வரை வெயிலை நம்ப முடியாது. அந்நாட்களில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, சூடான இஸ்திரிப் பெட்டியால் இருபுறமும் ஈரம் போகத் தேய்த்து, உலர்ந்த பருத்திப் பையில் வைக்கலாம். வெளியே கொடியில் போடக் கூச்சமாக இருந்தால் மேலே ஒரு மெல்லிய துப்பட்டாவை விரிக்கலாம். வெயிலும் காற்றும் அதனூடே செல்லும். நன்கு காயாத துணியை அணிவதைவிட, அந்த நான்கு மாதமும் மணமில்லாத நாப்கின் வாங்குவது மேல்.

பயன்படுத்திய நாப்கினை உருட்டிச் செய்தித்தாளில் சுற்றினால் அதன் வாடையும் அங்கேயே அடங்கிவிடும். அதைக் கழிப்பிடக் குழிக்குள் போடலாகாது. உள்ளிருக்கும் துகள்கள் தண்ணீரை உறிஞ்சிப் பருத்துக் குழாயை அடைத்துவிடும். நூற்றுக்கணக்கானோர் ஒரே கழிப்பிடத்தை நம்பியிருக்கும் சந்தில், அடைபட்ட குழாயின் நாற்றத்தை எந்த லாவெண்டரும் மறைக்காது. தையற்கூடத்தின் முதலாளியிடம் அப்பெண்ணும் அவளுடைய தோழியர் ஐவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டதன்பேரில், அங்கே மூடியுள்ள ஒரு தொட்டி இப்போது வைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் மட்டும் இன்னும் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை.